கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு முன்மொழிவு எழுதுவது: மலையகத்திலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

ஹட்டன், பண்டாரவளை, பதுளைப் பக்கமிருந்து மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகளின் வரைவுகளைச் சில வருடங்களாக வாசித்து வருகிறேன். ஆள் மாறினாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் அவைதான். அதனால் அவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பொதுவாகச் சொன்னால் எதுவும் பிடிபடாது என்பதால், பதுளை மாவட்டத் தோட்டங்களின் மண்சரிவு எச்சரிக்கை என்ற ஒரே உதாரணத்தைத் தொடக்கம் முதல் கடைசி வரை கொண்டு போகிறேன். சமூக விஞ்ஞான ஆய்வை மனதில் வைத்து எழுதியது இது. ஆய்வுகூட ஆய்வுக்கு முறையியல் பகுதி வேறு மாதிரி இருக்கும்.

ஆய்வு முன்மொழிவு என்றால் தீசிஸ் சுருக்கம் மாதிரியா?

இல்லை. தீசிஸ் கண்டுபிடித்ததைச் சொல்கிறது. முன்மொழிவு இன்னும் தெரியாத ஒன்றைச் சொல்கிறது: எது தெரியவில்லை, அதை எப்படித் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள், மூன்று வருடத்தில் உங்களால் முடியுமா. வாசிக்கும் பேராசிரியர் தேடுவது இந்த மூன்றையும்தான். முடிவை முன்கூட்டியே எழுதிவிட்டால், “தெரிந்துவிட்டதே, பிறகு எதற்கு ஆய்வு?” என்று அவர் கேட்பார்.

நீளத்தை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே வரையறுக்கும். விண்ணப்பிக்கும் பீடத்தின் அறிவுறுத்தலில் எத்தனை சொல் என்று இருக்கிறதோ அதை மீற வேண்டாம்.

“மலையகத் தோட்ட மக்களின் பிரச்சினைகள்” என்று தலைப்பு வைத்தேன். மிகப் பரந்தது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன செய்ய?

நம் பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்க்கும் தடுமாற்றம் இது. சம்பளம், லயம், காணி, பாடசாலை, ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றையும் எழுதிவிடுகிறார்கள். எழுதியது எல்லாம் உண்மை. நாம் வாழ்ந்த வாழ்க்கை அது, அதனால் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை எழுத மனம் வராது. ஆனால் பிரச்சினை வேறு, ஆய்வுக் கேள்வி வேறு. லயங்கள் மண்சரிவு அபாயத்தில் இருக்கின்றன என்பது பிரச்சினை. அது எல்லோருக்கும் தெரியும், அதை நிரூபிக்க மூன்று வருடம் தேவையில்லை.

உதாரணத்துக்கு வருவோம். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் ஆட்கள் அங்கேதான் இருந்தார்கள். இங்கே “ஏன் மண் சரிந்தது” என்பது புவியியலாளரின் கேள்வி. “எச்சரிக்கை இருந்தும் ஒரு குடும்பம் ஏன் வீட்டிலேயே இருக்கிறது” என்பது உங்கள் கேள்வியாகலாம். பதில் உடனே தெரியாது, தேடிப் போனால் கிடைக்கும். ஆய்வுக் கேள்விக்கு இந்த இரண்டும் இருந்தால் போதும்.

சரி, அந்தக் கேள்வியை இன்னும் எப்படிக் குறுக்குவது?

விஷயம் உண்மையில் எப்படி நடக்கிறது என்று கிட்டப் போய்ப் பாருங்கள், அது தானாகக் குறுகும். மண்சரிவு எச்சரிக்கையை வெளியிடுவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் மழை தாண்டினால் விழிப்பாக இருக்கச் சொல்லும் முதல் நிலை, 100 தாண்டினால் வெளியேறத் தயாராகச் சொல்லும் இரண்டாம் நிலை, 150 தாண்டினால் வெளியேறச் சொல்லும் மூன்றாம் நிலை. எச்சரிக்கை பிரதேச செயலாளர் பிரிவு வாரியாக வரும்.

இப்போது லயத்தில் இருந்து பாருங்கள். வானொலியில் “ஹல்துமுல்ல பிரதேச செயலாளர் பிரிவு” என்று சொல்கிறார்கள். அந்தப் பிரிவுக்குள் பல தோட்டங்கள், ஒவ்வொன்றிலும் பல டிவிஷன்கள். எந்த லயம் என்று யாரும் சொல்லவில்லை. எழும்பிப் போவதா வேண்டாமா என்று அந்த ராத்திரி முடிவெடுப்பது ஒரு குடும்பம். பெரிய பரப்புக்கு வந்த செய்தி ஒரு வீட்டின் தீர்மானமாக மாறும் அந்த இடைவெளிதான் உங்கள் ஆய்வு. ஆகக் கேள்வி இப்படி வரும்: “ஒரே எச்சரிக்கையைப் பெறும் தோட்டக் குடும்பங்களில் சில வெளியேறுகின்றன, சில தங்குகின்றன, சில போய்விட்டு உடனே திரும்புகின்றன. இந்த வேறுபாட்டைத் தீர்மானிப்பது எது?”

நோக்கங்கள் எத்தனை இருக்க வேண்டும்? நான் ஒன்பது எழுதியிருக்கிறேன்.

மூன்று போதும், நான்கைத் தாண்ட வேண்டாம். ஒன்பது எழுதியவர்களின் பட்டியலைப் பார்த்தால் பாதி நோக்கமே அல்ல. “இலக்கியங்களை மீளாய்வு செய்தல்” என்பது வேலை. “மக்களின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்துதல்” என்பது உங்கள் ஆசை, ஆய்வு முடிந்த அன்று அது நடந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. “விழிப்புணர்வு ஏற்படுத்துதல்” ஒரு செயற்திட்டம்.

நம் உதாரணத்துக்கு நான் எழுதுவது இந்த மூன்று. முதலாவது, எச்சரிக்கை வெளியான நேரத்திலிருந்து லயத்தை எட்டும் வரை யார் யார் வழியாக, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று தடம் பிடிப்பது. இரண்டாவது, தங்குவதா போவதா என்று முடிவெடுக்கும்போது குடும்பத்தவர்கள் எதை எதை எடைபோட்டுப் பார்க்கிறார்கள் என்று விளக்குவது. மூன்றாவது, மழை எச்சரிக்கை நாளில் தோட்ட நிர்வாகம் வேலையை நிறுத்தும் டிவிஷனையும் நிறுத்தாத டிவிஷனையும் ஒப்பிடுவது.

மூன்றாவது எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். தோட்டத்தில் ஒரு நாள் முகாமில் இருந்தால் அன்றைய பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. இது வெளியிலிருந்து எழுதுபவருக்குச் சட்டென்று தோன்றாது, உங்களுக்குத் தோன்றும். தோன்றுவதை நோக்கமாக எழுதுங்கள், ஆனால் முடிவாக எழுதாதீர்கள். பேர் போவதுதான் காரணமா என்பது இன்னும் தெரியாத விஷயம்.

ஒவ்வொரு நோக்கத்துக்கும் பக்கத்தில் “இதற்கான தரவு எங்கிருந்து வரும்?” என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். எழுத முடியாத நோக்கத்தை வெட்டிவிடலாம்.

“இதைப் பற்றி இதுவரை யாரும் ஆராயவில்லை” என்று எழுதலாமா?

எழுத வேண்டாம். மண்சரிவைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது, தோட்டத் தொழிலாளரைப் பற்றியும் அப்படித்தான். நீங்கள் பார்க்காததை இல்லை என்று எழுதினால், அதை எழுதியவரே உங்கள் முன்மொழிவை வாசிக்கும் நிலை வரலாம். சின்ன நாடு இது.

எழுத வேண்டியது வேறு. இருக்கிற ஆய்வுகளை இரண்டு மூன்று குவியலாகப் பிரியுங்கள். ஒரு குவியல் மழையையும் சரிவையும் மண்ணையும் பார்க்கிறது. இன்னொன்று எச்சரிக்கை பெறும் மக்களைப் பார்க்கிறது, ஆனால் பொதுவாகக் கிராமத்து வீட்டுக்காரரை மனதில் வைத்து. மூன்றாவது தோட்ட வாழ்க்கையைப் பார்க்கிறது, ஆனால் கூலி, குடியுரிமை, வீடு என்ற பக்கத்திலிருந்து. இரண்டாவதும் மூன்றாவதும் சந்திக்கும் இடத்தில் உங்கள் கேள்வி நிற்கிறது என்று காட்டினால் இடைவெளி தெரிந்துவிடும். ஒவ்வொரு குவியலிலும் முக்கியமான நான்கைந்து ஆய்வுகளை உண்மையிலேயே வாசித்திருக்க வேண்டும்.

முறையியலில் “நேர்காணலும் கேள்விக்கொத்தும் பயன்படுத்தப்படும்” என்று எழுதினேன். போதாது என்கிறார்கள். வேறு என்ன எழுதுவது?

அது கருவியின் பெயர் மட்டும்தான். யாரிடம், எப்போது, எதைக் கேட்டு, கிடைத்ததை வைத்து எந்த நோக்கத்துக்குப் பதில் சொல்லப் போகிறீர்கள் என்று எழுத வேண்டும். மேலே சொன்ன மூன்று நோக்கங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நோக்கத்துக்கு எச்சரிக்கை அறிக்கையில் உள்ள வெளியீட்டு நேரம் ஒரு முனை. மறுமுனை லயத்தில் முதலில் கேள்விப்பட்டவர். நடுவில் பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர், தோட்ட அலுவலகம், கங்காணி, டிவிஷன் வட்ஸ்அப் குழு என்று ஒரு சங்கிலி இருக்கும். ஒவ்வொரு கண்ணியிலும் நேரத்தைக் கேட்டுப் பதிய வேண்டும். தொலைபேசியில் செய்தி வந்த நேரம் பதிவாகியிருக்கும், உரியவர் சம்மதித்தால் அதைப் பார்த்து எழுதலாம். இரண்டாவது நோக்கத்துக்கு நீண்ட நேர்காணல், அதுவும் எச்சரிக்கை வந்து இரண்டு வாரத்துக்குள். தள்ளிப் போனால், என்ன நினைத்தோம் என்பதை விட்டுவிட்டு என்ன நினைத்திருக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்குவார்கள். கணவன் மனைவி இருவரிடமும் தனித்தனியே கேட்க வேண்டும். ஒன்றாக உட்கார வைத்தால் ஒருவர் பேச மற்றவர் தலையாட்டுவார், தீர்மானம் எப்படி எடுக்கப்பட்டது என்பது மறைந்துவிடும்.

மூன்றாவது நோக்கத்துக்கு டிவிஷன்களை ஒரே பிரதேச செயலாளர் பிரிவுக்குள் தெரிவுசெய்ய வேண்டும். அப்போதுதான் எல்லோரும் பெற்றது ஒரே எச்சரிக்கை, வித்தியாசம் நிர்வாகத்தில் என்று சொல்ல முடியும். இந்த ஒரு வாக்கியத்தை எழுதினாலே, முறையை யோசித்துத் தெரிவுசெய்திருக்கிறார் என்று வாசிப்பவருக்குப் புரியும்.

எத்தனை பேரிடம் பேச வேண்டும்? முன்னூறு பேர் என்று எழுதினால் கனமாக இருக்குமே?

உங்கள் கேள்வி “எத்தனை சதவீதம்” என்று கேட்டால் முந்நூறு தேவைப்படலாம். நம் உதாரணம் “எப்படி, ஏன்” என்று கேட்கிறது. மூன்று டிவிஷன், ஒவ்வொன்றிலும் 12 குடும்பம், மொத்தம் 36. அதில் 12 குடும்பத்தில் இருவரிடமும் தனித்தனியே பேசினால் 48 ஒலிப்பதிவு.

ஒரு பதிவு ஒரு மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணித்தியாலப் பேச்சைச் சொல்லுக்குச் சொல் எழுத எனக்கு ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் பிடித்தது, தோட்டத்துப் பேச்சு பழக்கமான எனக்கே அப்படி. 48ஐ 6ஆல் பெருக்கினால் 288 மணித்தியாலம். ஒரு நாளைக்கு நான்கு மணித்தியாலம் உட்கார்ந்தால் 72 நாள். வாரத்தில் ஐந்து நாள் என்றால் பதினான்கு வாரத்துக்கு மேல். முந்நூறு பேரை நீளமாகப் பேட்டி எடுப்பேன் என்பவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. வாசிக்கும் பேராசிரியர் போட்டுப் பார்ப்பார்.

தோட்டத்துக்குள் போக துரையிடம் அனுமதி வேண்டுமா? நான் அந்தத் தோட்டத்துப் பிள்ளைதானே, சேர்.

வீட்டுக்குப் போக வேண்டாம், ஆய்வுக்கு வேண்டும். எழுத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பல்கலைக்கழக நெறிமுறைக் குழு அந்தக் கடிதத்தைக் கேட்கலாம். ஆனால் யாரிடம் பேசுவது என்பதை நிர்வாகம் தெரிவுசெய்ய விடக்கூடாது. அலுவலகம் அனுப்பும் ஆள் அலுவலகத்துக்குப் பிடித்த பதிலைச் சொல்வார், அதுவும் மூன்றாவது நோக்கம் நிர்வாகத்தைப் பற்றியது. லய இலக்கத்தை வைத்து நீங்களே தெரிவுசெய்வதாக எழுதுங்கள்.

சொந்தத் தோட்டம் என்பதில் நன்மையும் உண்டு, இடைஞ்சலும் உண்டு. கதவு திறக்கும், பேச்சு புரியும். ஆனால் “உனக்குத் தெரியாததா மகளே” என்று சொல்லி முக்கியமானதை விட்டுவிடுவார்கள். உங்கள் அப்பா தொழிற்சங்கத் தலைவராக இருந்தால் மற்ற சங்கத்துக்காரர் வாயே திறக்கமாட்டார். மூன்று டிவிஷனில் ஒன்று மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். லயத்தில் ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த வீடு, அதனால் எங்கே உட்கார்ந்து பேசுவீர்கள் என்பதையும் எழுதுங்கள். கோயில் மண்டபமோ முன்பள்ளிக் கட்டடமோ பேசத் தோதான இடம்.

நேர அட்டவணை ஒரு கட்டம் போட்டு நிரப்பினால் போதாதா?

கட்டம் போடலாம், ஆனால் அதற்குள் இருப்பது உங்கள் களத்தின் மாதங்களாக இருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் “முதல் ஆறு மாதம் இலக்கிய மீளாய்வு, அடுத்த ஆறு மாதம் தரவு சேகரிப்பு” என்று எழுதுகிறார்கள். அது எந்த ஆய்வுக்கும் பொருந்தும், அதனாலேயே உங்களுடையதற்குப் பொருந்தாது. என் முதல் முன்மொழிவில் நானும் இப்படித்தான் எழுதினேன். நெறிமுறை அனுமதி கைக்கு வந்தபோது மழைக்காலம் முடிந்திருந்தது, அடுத்த மழைக்குப் பத்து மாதம் காத்திருந்தேன்.

பதுளைப் பக்கம் பெருமழை ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை. களவேலை அந்த நான்கு மாதத்துக்குள் நடந்தாக வேண்டும், அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஒக்டோபரில் களத்தில் நிற்க வேண்டுமென்றால் செப்டெம்பரில் இரண்டு மூன்று பேரிடம் முன்னோட்ட நேர்காணல். அதற்கு ஓகஸ்டில் தோட்ட அனுமதி, அதற்கு முன் நெறிமுறை அனுமதி. நெறிமுறைக் குழு திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பினால் மூன்று நான்கு மாதம் சுலபமாகப் போகும், ஆகவே விண்ணப்பம் மார்ச்சில் போக வேண்டும். ஜனவரியில் பதிவு செய்பவருக்கு இது பொருந்தும்: முதல் வருட முற்பகுதியில் வாசிப்பும் நெறிமுறை விண்ணப்பமும், ஒக்டோபர் முதல் ஜனவரி வரை முதல் களம், பெப்ரவரி முதல் மே வரை ஒலிப்பதிவை எழுதுவது. முந்தைய பதிலில் வந்த பதினான்கு வாரம் இந்த இடத்தில் அடங்கும். அப்புறம் ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை பகுப்பாய்வு, இரண்டாவது ஒக்டோபரில் விட்டுப்போனதைக் கேட்க மறுபடி களம், மூன்றாவது வருடம் எழுத்து.

ஜூலையில் பதிவு செய்பவர் முதல் மழைக்காலத்தைத் தவறவிடுவார். அதை மறைக்க வேண்டாம். அந்த ஒக்டோபரில் வெளியாகும் எச்சரிக்கை அறிக்கைகளை வீட்டிலிருந்தே சேர்க்கலாம், முதல் நோக்கத்தின் ஒரு முனை கிடைத்துவிடும். நேர்காணல் அடுத்த ஒக்டோபரில்.

இன்னொன்று. கொழுந்து கூடுதலாக வரும் வாரங்களில் பெண்கள் மலையிலிருந்து இறங்கவே பொழுது சாயும். தீபாவளி வாரத்தில் யாரும் உட்கார்ந்து பேசமாட்டார்கள். அட்டவணையில் அந்த நாட்களை வெறுமையாக விடுங்கள்.

அந்த வருடம் எச்சரிக்கையே வராவிட்டால் ஆய்வு என்னாகும்?

நல்ல கேள்வி, நேர்முகத் தேர்விலும் கேட்பார்கள். இரண்டு வழி இருக்கிறது, இரண்டுக்கும் விலை உண்டு. ஒன்று, கடைசியாக வெளியேறிய அனுபவத்தைக் கேட்பது. இரண்டு வாரக் கணக்கு இதில் போய்விடும், ஞாபகத்தின் பிசகு சேரும். முகாம் பதிவேடு, வரவுப் பதிவு போன்றவற்றோடு ஒப்பிட்டு ஓரளவு சரிபார்க்கலாம். மற்றது, தென்மேல் பருவமழை பெறும் கினிகத்தேனைப் பக்கத்தில் ஒரு டிவிஷனைச் சேர்ப்பது. அங்கே மழை மே முதல் செப்டெம்பர் வரை என்பதால் வருடத்தில் இரண்டு வாய்ப்பு. ஆனால் “ஒரே எச்சரிக்கை” என்ற ஒப்பீடு உடைந்துவிடும்.

நான் முதல் வழியைத்தான் எழுதுவேன், ஏனென்றால் மூன்றாவது நோக்கம் உயிரோடு இருக்கும். நீங்கள் எதைத் தெரிவுசெய்தாலும் எதை இழக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

எதிர்பார்க்கப்படும் பங்களிப்பில் “மலையக சமூகத்துக்குப் பயன்படும்” என்று எழுதினேன். வெட்டிவிட்டார்கள். ஏன்?

பயன்படும் என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் எது பயன்படும் என்று அதில் இல்லை. கலாநிதிப் பட்டம் இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பில் ஆக மேலே உள்ள 12ஆம் மட்டம். அங்கே கேட்பது புதிய அறிவு. ஆகவே இப்போது மக்கள் நம்பும் ஒரு விளக்கத்தை எடுத்து, உங்கள் ஆய்வு அதை எங்கே மாற்றும் என்று எழுதுங்கள்.

நம் உதாரணத்தில் வழக்கமான விளக்கம் “மக்களுக்கு விழிப்புணர்வு போதாது” என்பது. தோட்டத்தில் வீடு, வேலை, முதலாளி மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன. லயத்துக்கு உறுதி இல்லை. வீட்டை விட்டுப் போவது வேலையை விட்டுப் போவதும் ஆகிறது. ஆபத்து தெரிந்தும் தங்குகிறார்கள் என்றால், எச்சரிக்கைக் கொள்கையில் தகவல் மட்டும் போதாது என்று காட்டலாம். மாறாக, பேர் போகாத டிவிஷனிலும் குடும்பங்கள் தங்குகின்றன என்று கண்டால்? அப்போது கூலி காரணமல்ல, செய்தி வரும் சங்கிலியோ முகாமின் நிலையோ காரணம் என்று தெரியவரும். இரண்டு பக்கம் விழுந்தாலும் ஏதோ ஒன்று தெரியவர வேண்டும். ஒரு விடை வந்தால் மட்டும் பெறுமதி உள்ள ஆய்வு என்றால் கேள்வியைத் திரும்பப் பாருங்கள்.

நடைமுறைப் பயனை ஒரு வரியில் சொல்லலாம்: செய்தி எந்தக் கண்ணியில் தாமதமாகிறது என்ற குறிப்பை மாவட்ட இடர் முகாமைத்துவப் பிரிவுக்குக் கொடுப்பேன் என்று. கொள்கையை மாற்றுவேன் என்று எழுத வேண்டாம்.

ஆங்கிலத்தில் எழுதுவதா, தமிழில் எழுதுவதா?

துறை எதை ஏற்கிறதோ அதில். முதலில் கேட்டுவிடுங்கள். ஆங்கிலம் என்றால், நோக்கங்களையும் கேள்வியையும் தமிழில் எழுதித் தெளிவான பிறகு மாற்றுங்கள். ஆங்கிலத்தில் மங்கலாக இருப்பது பெரும்பாலும் தமிழிலும் மங்கலாகவே இருக்கும். பேர், லயம், கங்காணி போன்ற சொற்களை அப்படியே வைத்து முதல் தடவை மட்டும் விளக்குங்கள். “பேர்” என்பதை “நாட்கூலி” என்று மாற்றினால், பிரட்டில் கூப்பிடும் அந்தப் பதிவும் அரைப்பேர் என்ற வழக்கமும் காணாமல் போகும்.

மேற்பார்வையாளருக்கு முழு முன்மொழிவையும் முதலிலேயே அனுப்பலாமா?

ஒரு பக்கம் போதும்: கேள்வி, மூன்று நோக்கம், களம், ஏன் அவரை அணுகுகிறீர்கள். கடைசியாகச் சொன்னதற்கு அவருடைய ஒரு கட்டுரையையாவது வாசித்திருக்க வேண்டும். அவர் ஆர்வம் காட்டினால் முழுவதையும் அனுப்புங்கள்.

பதிவு செய்த பிறகு தலைப்பு மாறினால் முன்மொழிவை மீறியதாகுமா?

ஆகாது. களத்துக்குப் போனால் மாறத்தான் செய்யும். முன்னோட்ட நேர்காணலில் பேர் பற்றி ஒருவரும் பேசாமல், முகாமாகக் கொடுக்கும் பாடசாலையில் பெண்களுக்கு மலசலகூட வசதி இல்லாததை எல்லோரும் சொன்னால், மூன்றாவது நோக்கத்தை மாற்றியாக வேண்டும். பல துறைகளில் முதலில் முதுதத்துவமாணியாகப் பதிந்து, பிறகு முன்னேற்ற அறிக்கையை வைத்துக் கலாநிதிக்கு மாற்றுகிறார்கள். அந்த அறிக்கையில் எது மாறியது, எந்தத் தரவைப் பார்த்து மாறியது என்று தேதியோடு எழுத வேண்டியிருக்கும். அதனால் முதல் முன்மொழிவின் பிரதி ஒன்றைத் திருத்தாமல் அப்படியே வைத்துக்கொண்டு, மாற்றங்களைத் தனிக் கொப்பியில் எழுதி வாருங்கள்.